மூலமும் பெயர்ப்பும்: ஆங்கிலக் கட்டுரையில் தமிழ்ப் பாடலுக்கு உரிய இடம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியத்தைப் பற்றிப் பேச வேண்டிய இந்த மேடையில் இலக்கியம் தாளில் எப்படி நிற்க வேண்டும் என்பதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். தயங்காமல் தந்தீர்கள்; நன்றி. ஆங்கிலத்தில் எழுதப்படும் இலக்கியக் கட்டுரை ஒன்றில் தமிழ்ப் பாடலை மேற்கோள் காட்டும்போது மூலம், ரோமன் எழுத்துப்பெயர்ப்பு, ஆங்கில மொழிபெயர்ப்பு என மூன்று வடிவங்கள் முன்னால் வந்து நிற்கின்றன. மூன்றையும் எங்கே, எவ்வளவு, எந்த வரிசையில் வைப்பது? அறிஞர் பலர் இதைத் தட்டச்சருக்கு உரிய வேலை என்று விட்டுவிடுகிறார்கள். இது கட்டுரையாளருக்கு உரிய வேலை என்பதே என் கருத்து. எதைப் பக்கத்தில் வைக்கிறோம் என்பது எதை வாதிடுகிறோம் என்பதைப் பொறுத்தது. வாதத்தை அறிந்தவர் எழுதியவர் மட்டுமே.

1. நெரிசல் எங்கிருந்து வருகிறது

ஒரு கணக்கைப் பாருங்கள். கட்டுரையில் நான்கு அடி மேற்கோள்கள் பத்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மூலம் மட்டும் என்றால் நாற்பது வரி. மூன்று வடிவமும் அடுக்கினால் நூற்றிருபது வரி. இடையில் விடும் வெற்று வரிகளும் நூற்பெயரும் சேர்த்தால் நூற்றைம்பதைத் தாண்டும். பக்கத்துக்கு முப்பத்தைந்து வரி கொண்ட இதழில் அது நான்கு பக்கத்துக்கும் மேல். கட்டுரையே இருபது பக்கம்தான். ஐந்தில் ஒரு பங்கை மேற்கோள் அடுக்கு எடுத்துக்கொள்கிறது. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு ஒரே செய்தியின் வேறு வடிவம்.

ஆனால் இடம் போவது சிறிய இழப்பு. பெரிய இழப்பு வாசகரின் கண் பழகிவிடுவது. அடுக்கு மூன்று முறை வந்ததும் தமிழ் அறியாத வாசகர் முதல் இரண்டு பத்தியையும் தாண்டி நேரே மொழிபெயர்ப்புக்குப் போகக் கற்றுக்கொள்கிறார். தமிழ் அறிந்தவர் மூலத்தை மட்டும் படித்துவிட்டு அடுத்த இரண்டையும் தாண்டுகிறார். நடுவில் நிற்கும் எழுத்துப்பெயர்ப்பை இருவருமே படிப்பதில்லை. படிக்காமல் தாண்டப் பழகிய கண், நாம் உண்மையிலேயே அதைப் பார்க்கச் சொல்லும் இடத்திலும் தாண்டிவிடும். ஓசை நயம் பற்றி ஒரு பத்தி எழுதி அதற்குச் சான்றாக எழுத்துப்பெயர்ப்பைக் காட்டினால், அந்தச் சான்று ஏற்கெனவே தாண்டப்பட்ட இடத்தில் கிடக்கும்.

அதனால் முதலில் தீர்க்க வேண்டியது, ஒவ்வொரு வடிவமும் யாருக்காக, எந்த வேலைக்காக என்பது. மூலம் தமிழ் அறிந்த வாசகருக்கான சான்று. அவர் நம் மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும் மறுக்கவும் அது வேண்டும். மொழிபெயர்ப்பு தமிழ் அறியாத வாசகருக்கான பாடல். கட்டுரையின் வாதம் அவருக்கு அதன் வழியாகத்தான் போகும். எழுத்துப்பெயர்ப்பு இந்த இருவருக்கும் இடையில் ஒரே ஒரு வேலையைச் செய்கிறது. தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாதவருக்கு ஒரு குறிப்பிட்ட சொல்லையோ, ஓசையையோ, விகுதியையோ சுட்டிக் காட்ட அது உதவுகிறது. சுட்டுவதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் அதற்கும் வேலை இல்லை.

2. முன்னோர் மூன்று வழி

கமில் சுவெலபில் 1973இல் வெளியிட்ட ‘தி ஸ்மைல் ஆஃப் முருகன்’ நூலில் தமிழ் மேற்கோள்கள் ரோமன் எழுத்தில் வருகின்றன. உடன் ஆங்கிலப் பொருள் வருகிறது. அன்று மேலைநாட்டு அச்சகங்களில் தமிழ் எழுத்தைக் கோப்பது எளிதல்ல. அங்கே எழுத்துப்பெயர்ப்பு மூலத்தின் இடத்திலேயே நின்றது. ஆகவே முழுமையாக நிற்க வேண்டியிருந்தது.

ஏ. கே. ராமானுஜன் 1985இல் கொண்டுவந்த ‘போயம்ஸ் ஆஃப் லவ் அண்ட் வார்’ நேர்மாறான வழி. பாடல் பக்கத்தில் ஆங்கிலக் கவிதை மட்டும் நிற்கும். கீழே புலவர் பெயரும் தொகைநூலின் பெயரும் எண்ணும். விளக்கம் எல்லாம் நூலின் பின்னால். தமிழ்த் தொடர் பெயரை நோக்கி இடப்புறமாக வளர்வதையும் ஆங்கிலத் தொடர் வலப்புறமாக வளர்வதையும் அவர் விரித்துப் பேசியிருக்கிறார். அந்த வளர்ச்சியை ஆங்கிலத்தில் உணர்த்தவே அவர் வரிகளை உடைத்துப் படிக்கட்டாக உள்தள்ளி வைத்தார். வாசகர் கவிதையாகவே படிக்க வேண்டும் என்பது நூலின் நோக்கம். அந்த நோக்கத்துக்கு அந்தப் பக்கம் சரி.

ஏவா வில்டன் 2010இல் வெளியிட்ட குறுந்தொகைப் பதிப்பு மூன்றாவது வழி. மூலம், எழுத்துப்பெயர்ப்பு, சொல்லுக்குச் சொல் பொருள், மொழிபெயர்ப்பு, பாட வேறுபாடு எல்லாம் அங்கே உண்டு. அது ஆய்வுப் பதிப்பு. அதைக் கையில் எடுப்பவர் ஒரு பாடலோடு ஒரு மணி நேரம் உட்காரத் தயாராக வருகிறார்.

நம் இளைஞர்கள் பலர் இந்த மூன்றாவது பக்கத்தைப் பார்த்து, அதுதான் புலமையின் அடையாளம் என்று எண்ணி, கட்டுரைக்குள் அப்படியே கொண்டுவருகிறார்கள். பதிப்பில் பாடலே பொருள். விளக்கம் அதற்குத் துணை. கட்டுரையில் வாதம் முன்னே நடக்கிறது. பாடல் அதற்குச் சான்றாக வந்து நிற்கிறது. இரண்டின் பக்கமும் ஒன்றாக இருக்க முடியாது.

3. ஒரு பாடலை எடுத்துப் பார்ப்போம்

பழைய நூல் எதையும் இங்கே எடுத்தாளப் போவதில்லை. எடுத்தால் பாட வேறுபாட்டிலும் உரை வேறுபாட்டிலும் பேச்சு திரும்பிவிடும். இந்த அவைக்காகவே எழுதிய நான்கடி ஆசிரியம் ஒன்றைச் சோதனைக்கு வைக்கிறேன்.

மழைவரக் காத்த மணல்வெளி யாற்றில்
இறங்கிய பெண்ணின் இருகா லடியில்
ஊறிய நீரை உள்ளங் கையில்
ஏந்திய குழந்தை எழுந்து சிரித்ததே.

இந்தப் பாடலைப் பற்றி நம் கட்டுரையாளர் சொல்ல விரும்புவது இது என்று வைத்துக்கொள்வோம்: நான்கடியும் ஒரே வாக்கியம். வினைமுற்று ஒன்றே ஒன்று. அது கடைசிச் சொல். அதற்கு முன்னால் இரண்டாம், மூன்றாம், நான்காம் அடிகள் மூன்றும் பெயரெச்சத்தில் தொடங்குகின்றன. ஒவ்வொரு பெயரெச்சமும் ஒரு பெயரைத் தேடிச் சாய்ந்து நிற்கிறது. ஆற்றிலிருந்து பெண்ணுக்கு, பெண்ணிலிருந்து நீருக்கு, நீரிலிருந்து குழந்தைக்கு என்று பார்வை இறங்கிக்கொண்டே வந்து, சிரிப்பில்தான் வாக்கியம் நிற்கிறது.

இப்போது மொழிபெயர்ப்பு. ஆங்கிலத்தில் இதை ஒரே வினைமுற்றில் அடக்கினால் வாசகர் மூச்சு முட்டும். அதனால் மொழிபெயர்ப்பாளர் வாக்கியத்தை உடைக்கிறார். அடிக்கு அடி ஈடாக நிறுத்துகிறார். ஆனால் வினைமுற்றுகள் பலவாகிவிடுகின்றன. அப்படியானால் கட்டுரையாளர் எதைப் பற்றிப் பேசுகிறாரோ அதுவே மொழிபெயர்ப்பில் மறைந்துவிட்டது. எழுத்துப்பெயர்ப்புக்கு வேலை பிறக்கும் இடம் இதுதான். ஆனால் நான்கடிக்கும் அது வேண்டியதில்லை. வேண்டியவை நான்கே சொற்கள்: அடிதொடங்கும் பெயரெச்சம் மூன்று, இறுதி வினைமுற்று ஒன்று.

பக்கத்தில் மேற்கோள் இப்படி நிற்கும்.

```
    மழைவரக் காத்த மணல்வெளி யாற்றில்
    இறங்கிய பெண்ணின் இருகா லடியில்
    ஊறிய நீரை உள்ளங் கையில்
    ஏந்திய குழந்தை எழுந்து சிரித்ததே.

    In the riverbed of sand that waited for rain
    a woman stepped down. Under her two feet
    water welled up; a child cupped it
    in one palm, stood, and laughed.
```

அடுத்த பத்தியில் கட்டுரையாளரின் சொந்த உரைநடைக்குள் அந்த நான்கு சொற்களும் வருகின்றன. அங்கே அவர் தட்டச்சு செய்வது இவ்வளவுதான்.

```
Three lines open on a participle still waiting
for its noun: iṟaṅkiya, ūṟiya, ēntiya. The one
finite verb, cirittatē, is kept for the end.
```

தமிழ் எழுத்தே அறியாத வாசகரும் மூன்று சொல்லின் ஈறும் ஒன்றாக இருப்பதைக் கண்ணால் காண்கிறார். நான்காவது சொல் வேறாக முடிவதையும் காண்கிறார். வாதம் அவர் கண்ணுக்கு முன்னால் நிறுவப்படுகிறது. நான்கடியின் எழுத்துப்பெயர்ப்பு முழுவதையும் நடுவில் வைத்திருந்தால், இந்த மூன்று ஈற்றையும் பதினாறு சீர்களுக்கு இடையில் அவரே தேடியிருக்க வேண்டும். தேடமாட்டார்.

வாதம் வேறாக இருந்தால் பக்கமும் வேறாகும். இதே பாடலில் மோனையைப் பற்றி எழுதுகிறோம் என்று கொள்ளுங்கள். ஒவ்வோர் அடியிலும் முதற்சீரும் மூன்றாம் சீரும் மோனை கொள்கின்றன. யாப்பில் இதைப் பொழிப்பு என்பார்கள். இதைத் தனிச் சொற்களால் காட்ட முடியாது. அடி முழுவதும் தெரிந்தால்தான் சீரின் இடம் தெரியும். அப்போது எழுத்துப்பெயர்ப்பு முழுமையாக வரட்டும். ஆனால் அதுவும் மோனை பேசும் பத்தியின் கீழே, ஓரிரு அடிக்கு மட்டும் வரட்டும்.

```
    ūṟiya nīrai uḷḷaṅ kaiyil
    ēntiya kuḻantai eḻuntu cirittatē
```

முதலடியில் ஊகாரமும் உகரமும், அடுத்ததில் ஏகாரமும் எகரமும் இணைவதை வாசகர் இப்போது காணலாம். இரண்டு அடி போதும். மற்ற இரண்டும் அப்படியே என்று உரைநடையில் சொல்லிவிடலாம்.

ஆக, என் விதி எளியது. மூலமும் மொழிபெயர்ப்பும் மேற்கோளில் நிற்கட்டும். எழுத்துப்பெயர்ப்பு விளக்கத்தில், விளக்கம் தொடும் சொல்லுக்கு மட்டும் வரட்டும். முழு எழுத்துப்பெயர்ப்பும் வேண்டும் என்று இதழாசிரியர் கேட்டால், கட்டுரையின் முடிவில் ‘பாடல்கள்’ என்ற பின்னிணைப்பில் வரிசை எண்ணிட்டுத் தரலாம். வேண்டியவர் அங்கே போவார்.

4. சீர் பிரிப்பா, சொல் பிரிப்பா

எழுத்துப்பெயர்ப்பு எழுதத் தொடங்கியதும் ஒரு கேள்வி எழும். நம் மரபில் பாடலைச் சீராகப் பிரித்து எழுதுகிறோம். மேற்கண்ட பாடலில் ‘இருகா லடியில்’ என்று நிற்கிறது. தமிழ் அறிந்தவர் ‘இரு காலடியில்’ என்று மனத்துக்குள் சேர்த்துப் படித்துக்கொள்கிறார். ரோமன் எழுத்தில் `irukā laṭiyil` என்று எழுதினால், அறியாதவர் முன்னால் இரண்டு பொய்ச் சொற்கள் நிற்கின்றன. அகராதியை எடுத்தாலும் இரண்டில் ஒன்றும் கிடைக்காது. ‘மணல்வெளி யாற்றில்’ என்பதும் அப்படித்தான். யகர உடம்படுமெய்யை அடுத்த சீரின் தலையில் ஏற்றி `yāṟṟil` என்று எழுதினால், அகராதியில் யகரத்தில் தேடப் போய்விடுவார்.

தமிழ்ப் பதிப்புலகமும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருக்கிறது. மர்ரே எஸ். ராஜம் 1950களில் வெளியிட்ட பதிப்புகள் பொதுவாசகருக்காகச் சந்தி பிரித்து அச்சிட்டவை. சீரமைப்பு கெடும் என்று மறுத்தவர்களும் உண்டு. படிக்க முடிகிறது என்று வரவேற்றவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. காரணம், இரண்டு பிரிப்பும் இரண்டு வேறு வேலைகளுக்கானவை.

நமக்கும் அதுவே வழி. மூலத்தைத் தமிழ் எழுத்தில் தரும்போது சீர் பிரித்தே தருவோம். எழுத்துப்பெயர்ப்பில் பொருளைப் பேசும்போது சொல் பிரித்து `iru kālaṭiyil` என்று எழுதுவோம். யாப்பைப் பேசும்போது மட்டும் சீர் பிரித்து எழுதுவோம். எந்த இடத்தில் எது என்பதை முதற் குறிப்பிலேயே ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் இரண்டையும் கலந்தால் வாசகர் அச்சுப் பிழை என்று எண்ணுவார். அவரைக் குறை சொல்ல முடியாது.

5. எந்த முறை

ரோமன் எழுத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் முறையையே பரிந்துரைக்கிறேன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்த அந்த அகராதியின் முறையை உலகெங்கும் தமிழாய்வாளர்கள் பின்பற்றுகிறார்கள். 2001இல் வந்த ISO 15919 என்ற உலகத் தரமும் தமிழைப் பொறுத்தவரை பெரும்பாலும் அதோடு ஒத்துப்போகிறது. ஒரு தமிழ் எழுத்துக்கு ஒரு ரோமன் எழுத்து என்பது அதன் அடிப்படை. அதனால் எழுத்துப்பெயர்ப்பிலிருந்து மூலத்தைப் பிழையின்றித் திரும்ப எழுத முடியும்.

இதன் எல்லையையும் அறிந்துகொள்ள வேண்டும். லெக்சிகன் முறை எழுத்தைக் காட்டுகிறது, ஒலிப்பைக் காட்டுவதில்லை. ககரம் எங்கே வந்தாலும் `k`, சகரம் எங்கே வந்தாலும் `c`. தமிழ் அறியாதவர் `iṟaṅkiya` என்பதன் ககரத்தை வல்லொலியாகவே உச்சரிக்கக்கூடும். ‘வாசகர் ஓசையைக் கேட்கட்டும்’ என்று முழுப் பாடலுக்கும் எழுத்துப்பெயர்ப்புத் தருபவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அவர் கேட்பது நம் ஓசையாக இருக்காது. ஓசை வாதத்துக்கு மையமானால், இன்ன எழுத்து இன்ன இடத்தில் இப்படி ஒலிக்கும் என்று உரைநடையில் சொல்வதே நேர்மை.

பெயர்களும் கலைச்சொற்களும் தனி வழக்கு. ஊர்ப் பெயர், இக்காலத்தவர் பெயர் ஆகியவை மக்கள் எழுதும் வடிவிலேயே, குறிகள் இல்லாமல் வரட்டும். நூற்பெயரும் இலக்கணக் கலைச்சொல்லும் குறியிட்டு வரட்டும். பழம்புலவர் பெயருக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்து, கட்டுரை முழுக்க அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். ஒரே பக்கத்தில் ழகரம் ஒரு சொல்லில் `ḻ` என்றும் இன்னொன்றில் `zh` என்றும் வந்தால், அவை இரண்டும் ஒரே எழுத்து என்று வாசகருக்குத் தெரிய வழியே இல்லை.

6. பிழை எங்கே நுழைகிறது

எழுத்துப்பெயர்ப்பில் பிழை மூன்று கூட்டங்களில் நுழைகிறது: ந ண ன என்ற கூட்டம், ர ற என்ற கூட்டம், ல ள ழ என்ற கூட்டம். நம் பாடலில் ‘பெண்ணின்’ என்ற ஒரு சொல்லிலேயே ணகரமும் னகரமும் உண்டு. `peṇṇiṉ` என்று வர வேண்டும். ‘குழந்தை’யில் வருவது நகரம், அதனால் `kuḻantai` என்பதில் அதன் கீழே குறி இல்லை. பழக்கத்தில் கோடு போட்டுவிடுவோம். எழுதியவரே மெய்ப்புப் பார்த்தால் இது தெரியாது. மனம் மூலத்தைப் படித்துக்கொண்டிருக்கும். நல்ல வழி ஒன்று உண்டு. எழுத்துப்பெயர்ப்பை மட்டும் வேறொருவரிடம் கொடுத்துத் தமிழில் திருப்பி எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதியதை மூலத்தோடு ஒப்பிடுங்கள். வேறுபடும் இடம் எல்லாம் பிழை இருக்கும் இடம்.

இன்னொரு பிழை எழுத்துருவில் பிறக்கிறது. நமக்கு வேண்டிய குறியெழுத்துகள் பதின்மூன்றே.

```
ā ī ū ē ō   ṅ ñ ṭ ṇ ḷ ḻ ṟ ṉ
```

இதழின் எழுத்துருவில் இவற்றில் ஒன்று இல்லையென்றால், கணினி வேறோர் எழுத்துருவிலிருந்து அதைக் கடன் வாங்கும். ஒரு சொல்லின் நடுவில் ஓர் எழுத்து மட்டும் தடித்தோ மெலிந்தோ தெரிந்தால் அதுதான் காரணம். கீழ்க்கோடு எழுத்தை விட்டு விலகி ஓரமாகத் தொங்கினால் காரணம் வேறு. `ḻ` என்பதை யூனிகோடில் `U+1E3B` என்ற ஒரே குறியாகவும் எழுதலாம். `l` எழுதி அதன்மேல் `U+0331` என்ற கீழ்க்கோட்டைத் தனியே சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. சில எழுத்துருக்களுக்கு இரண்டாவது வடிவைச் சரியாகப் பொருத்தத் தெரியாது. தேடும்போதும் பல மென்பொருள்களில் ஒன்றைத் தேடினால் மற்றது அகப்படாது. கட்டுரை முழுவதையும் `NFC` என்ற ஒருங்குவடிவத்துக்கு மாற்றிவிட்டால் இரண்டும் ஒன்றாகிவிடும். கட்டுரையை அனுப்புமுன் இந்தப் பதின்மூன்று எழுத்துகளையும் ஒரு வரியாக அச்சகத்துக்கு அனுப்பி, அச்செடுத்த படியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மெய்ப்பு நிலையில் இருபது பக்கம் திருத்துவது மிச்சமாகும்.

தமிழ் மூலத்தையும் யூனிகோடிலேயே தர வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய பாடல், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறி நிற்கும்.

7. பக்கம் கண்ணுக்கு எளிதாக

அச்சு முறையில் நான்கைந்து பழக்கங்கள் போதும். தமிழ் எழுத்தை ஒருபோதும் சாய்க்க வேண்டாம். சாய்வெழுத்து தமிழுக்கு இயல்பானதல்ல, சுழிகள் சிதைகின்றன. ரோமன் எழுத்துப்பெயர்ப்பு மட்டும் சாய்வில் வரட்டும். வாசகர் அதைப் பார்த்ததும் இது தமிழ்ச் சொல் என்று அறிவார். மேற்கோள் குறியும் அடைப்பும் தேவைப்படாது.

ஒரே அளவில் கோத்தால் பெரும்பாலான எழுத்துருக்களில் தமிழ் ஆங்கிலத்தைவிடப் பெரிதாகத் தெரியும். ஆங்கிலம் 11 புள்ளியில் இருந்தால் தமிழை 10 புள்ளியில் வைத்துப் பாருங்கள். ‘ப’வும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் நின்றால் போதும். வரியிடைவெளியைச் சற்றுக் கூட்டுங்கள். தமிழ்க் கொம்பும் சுழியும், ரோமன் எழுத்தின் கீழ்ப் புள்ளியும் கோடும் அடுத்த வரியில் இடிக்காமல் இருக்கும்.

மூலத்தையும் மொழிபெயர்ப்பையும் அருகருகே இரண்டு பத்தியில் நிறுத்தலாமா என்று கேட்பார்கள். குறுவரிப் புதுக்கவிதைக்கு அது அழகாக அமையும். நாற்சீர் அடிக்கு இதழ்ப் பக்கத்தின் பாதி அகலம் போதாது. வரி மடங்கி அடுத்த வரியில் விழுந்தால் அடி எங்கே முடிகிறது என்பதே தெரியாது போகும். அதற்கு மேல்கீழாக வைப்பதே நல்லது. இரண்டுக்கும் ஒரே உள்தள்ளல், இடையில் ஒரு வெற்று வரி. நூற்பெயர், பாடல் எண், அடி எண் மூன்றையும் மொழிபெயர்ப்பின் கடைசியில் ஒரே ஒரு முறை தர வேண்டும். மூலத்தின் கீழேயும் மறுபடி தருவது வீண்.

மூலம் ஒரு பக்கத்தின் அடியிலும் மொழிபெயர்ப்பு அடுத்த பக்கத்தின் தலையிலும் பிரிந்து விழுவது அடிக்கடி நடக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்கும் வசதியே அதனால் போய்விடுகிறது. வேர்டு செயலியில் பத்தி அமைப்பில் `Keep with next`, `Keep lines together` என்ற இரண்டையும் மேற்கோளுக்கு இட்டுவிட்டால், குறும்பாடல் முழுவதும் ஒரே பக்கத்தில் நிற்கும்.

முதற் குறிப்பு ஒன்றும் வேண்டும். எழுத்துப்பெயர்ப்பு எந்த முறை, மூலம் எந்தப் பதிப்பிலிருந்து, மொழிபெயர்ப்பு யாருடையது, பிரிப்பு எப்படி என்ற நான்கையும் அங்கே ஒருமுறை சொல்லிவிட்டால், ஒவ்வொரு மேற்கோளின் அடியிலும் ‘மொழிபெயர்ப்பு என்னுடையது’ என்று எழுத வேண்டிய தேவை இல்லாமல் போகும்.

8. விதி தளரும் இடங்கள்

மூன்று வடிவமும் ஒருங்கே வர வேண்டிய இடங்கள் உண்டு. சிலேடையை விளக்கும்போது ஒரே எழுத்துத் தொடரை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்ட வேண்டும். அங்கே எழுத்துப்பெயர்ப்பு முழுமையாக வந்தே ஆக வேண்டும். பாட வேறுபாட்டை வாதிக்கும்போது மாறுபடும் அடியை மூன்று வடிவிலும் தர வேண்டும். ஆனால் அந்த அடியை மட்டும். பாடல் முழுவதையும் அல்ல. தமிழ் எழுத்தே அச்சிட முடியாது என்று இதழ் சொன்னால், எழுத்துப்பெயர்ப்பு மூலத்தின் இடத்துக்கு ஏறிவிடும். சுவெலபில் காலத்து நிலை அது. யூனிகோடு பரவிவிட்ட இன்று அந்தப் பதிலை உடனே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. பதின்மூன்று எழுத்து வரியோடு தமிழ் மாதிரி ஒன்றையும் அனுப்பி மறுபடி கேட்கலாம்.

இங்கே என் மனத்தில் உள்ளதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பக்கம் சுருங்க வேண்டும் என்று இதழாசிரியர் சொன்னதும், நம்மவர்கள் முதலில் வெட்டுவது தமிழ் மூலத்தை. எழுத்துப்பெயர்ப்பு இருக்கிறதே, அது போதாதா என்கிறார்கள். போதாது. தமிழ்ப் பிள்ளைகளில் பலர் கல்லூரியில் தங்கள் இலக்கியத்தைப் பற்றி ஆங்கிலத்தில் படிக்கிறார்கள். அவர்களுக்கு அந்தப் பாடல் தமிழ் எழுத்தில் அதே பக்கத்தில் கிடைக்க வேண்டும். ரோமன் எழுத்தில் குறிகளோடு நிற்கும் தமிழைப் படித்துப் பழகாதவர், தன் மொழிப் பாடலையே எழுத்துக்கூட்டிப் படிக்க வேண்டிய நிலை வரக் கூடாது.

எனவே ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த கட்டுரையை அனுப்புமுன் ஒவ்வொரு மேற்கோளின் எதிரிலும் ஒரு கேள்வி எழுதிப் பாருங்கள்: அடுத்து வரும் பத்தியில் இதிலுள்ள எந்தச் சொல்லைத் தொடுகிறேன்? தொடும் சொல் இருந்தால் அதை மட்டும் எழுத்துப்பெயர்த்து அந்தப் பத்திக்குக் கொண்டுபோங்கள். தொடும் சொல் ஒன்றும் இல்லையென்றால் எழுத்துப்பெயர்ப்பை நீக்குங்கள். வெட்டியே ஆக வேண்டும் என்றால் முதலில் போக வேண்டியது எழுத்துப்பெயர்ப்பு. தமிழ் மூலம் கடைசி வரை நிற்க வேண்டும்.